கணக்கு எண் மாறிப் போனால்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் சுமை தூக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஊர் தென்காசிப் பக்கம். மகள் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய ஃபீஸ் கட்ட 18,000 ரூபாயை ஊரில் உள்ள மனைவியின் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மனைவியின் கணக்கு வேறு வங்கியில் இருக்கிறது.

அவர் தன் வங்கிக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினார். மனைவியின் கணக்கு எண் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. அதன் கடைசி நான்கு எண்கள் 4719. ஆனால் காகிதத்தில் இருந்த 1, பார்வைக்கு 7 போல இருந்தது. அவர் 4779 என்று எழுதினார். படிவத்தில் எண்ணை இரண்டு முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் முறையும் அதே காகிதத்தைப் பார்த்தே எழுதினார். கை தவறினால் இரண்டு முறை எழுதுவது காட்டிக் கொடுக்கும். காகிதமே தவறாகப் படிக்கப்பட்டால் அது உதவாது.

மறுநாள் மனைவி போன் செய்தார். பணம் வரவில்லை. தொழிலாளி மேனேஜரிடம் ஓடினார்.

“சார், பேரைச் சரியாத்தானே எழுதினேன். பேரு ஒண்ணு, எண் ஒண்ணுன்னா உங்க வங்கி பார்க்க வேண்டாமா?”

“பார்க்காதுங்க. எண்ணை மட்டும்தான் பார்க்கும்” என்றார் மேனேஜர்.

அவர் சொன்னது உண்மை. வங்கிகளுக்கு இடையே மின்னணு வழியில் பணம் போகும்போது கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் அறிவித்தது. ஒரே பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால் வரும், இன்னொரு இடத்தில் பின்னால் வரும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போனால்தான் வரவு என்று வைத்தால் நல்ல பணமும் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

இனி அந்த 18,000 ரூபாய் எங்கே இருக்கும்? இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

அந்த எண்ணில் கணக்கே இல்லை என்றால் கவலை குறைவு. நெஃப்ட் முறையில் பணம் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. வரவு வைக்க முடியாத பணத்தை, அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. பணம் புறப்பட்ட கணக்குக்கே திரும்பி வரும். கணக்கு மூடப்பட்டிருந்தாலும் இப்படித்தான்.

அந்த எண்ணில் யாருக்காவது கணக்கு இருந்தால், பணம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். நம் தொழிலாளிக்கு நடந்தது இதுதான். மறுநாள் வரை பணம் திரும்பவில்லை என்றால் அப்படித்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

“சார், கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டி எடுத்திட முடியாதா?”

முடியாது. பணம் இப்போது வேறு வங்கியில், வேறு ஒருவர் கணக்கில் இருக்கிறது. அதைத் தொட இந்த மேனேஜருக்கு அதிகாரம் இல்லை. அந்த வங்கியும், கணக்குக்காரரைக் கேட்காமல் நம் பேச்சை மட்டும் நம்பி எடுத்துத் தராது. கேட்டவுடன் எடுத்துத் தருவதாக இருந்தால், நாளை எவரும் வந்து ‘தவறி அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லி உங்கள் கணக்கிலிருந்தும் எடுப்பார்!

வங்கியே தவறு செய்தால் கதை வேறு. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு டாக்சி ஓட்டுநரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டது. அவர் நம்பாமல், சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். சற்று நேரத்தில் மீதிப் பணம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது. அது வங்கியின் சொந்தப் பதிவில் நேர்ந்த பிழை. அதை வங்கியே திருத்தலாம். நம் தொழிலாளியின் பணமோ, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டபடியே போயிருக்கிறது.

அப்படியானால் மேனேஜர் என்னதான் செய்வார்? தூது போவார். முதலில் எழுத்தில் ஒரு விண்ணப்பம் வாங்குவார். அதில் அனுப்பிய நாள், தொகை, எழுதிய தவறான எண், சரியான எண், ‘யூ.டி.ஆர்.’ எண் ஆகியவை வேண்டும். யூ.டி.ஆர். என்பது அந்த ஒரு பணப் பயணத்துக்கு மட்டும் உரிய எண். தபாலில் ரெஜிஸ்டர் எண் போல. அது குறுஞ்செய்தியிலோ ரசீதிலோ இருக்கும். மனைவியின் பாஸ் புத்தகத்தின் முதல் பக்க நகலும் சேர்த்தால் நல்லது. எங்கே போக வேண்டிய பணம் என்பதற்கு அதுவே சாட்சி. விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் இதை அந்த வங்கிக்கு அனுப்புவார். அவர்கள் தங்கள் கணக்குக்காரரைக் கூப்பிட்டு விவரம் சொல்வார்கள். அவர் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். அவருடைய பெயர், விலாசம், போன் எண் எதையும் வங்கி நமக்குத் தராது. கோபப்பட்டுப் பயனில்லை. நம் விவரத்தையும் பிறருக்கு அப்படித்தான் காக்கிறார்கள்.

இதில் காலம் முக்கியம். படிவம் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறாமல் மேசையில் இருந்தால் உடனே நிறுத்திவிடலாம். ஒரு வாரம் கழித்துப் போனால், அங்கே 3,000 ரூபாய்தான் மிச்சம் இருக்கலாம். அவர் செலவழித்திருப்பார், அல்லது அவருடைய கடன் தவணைக்குப் பிடித்திருப்பார்கள்.

அந்த ஆள் தர மறுத்தால்? பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் சொல்கிறது. தெரிந்தே செலவழித்தால் குற்ற வழக்கும் வரலாம். 2022-இல் திருச்சூர் பக்கம் இரண்டு இளைஞர்களின் கணக்கில் ஒரு தனியார் வங்கியின் தவறால் 2.44 கோடி ரூபாய் வந்தது. செலவழித்தார்கள். வங்கி புகார் கொடுத்தது, போலீஸ் கைது செய்தது. அவ்வளவு பெரிய தொகை, புகார் கொடுத்ததும் வங்கி. 18,000 ரூபாய்க்கு நாம் போனால் அதே வேகம் இருக்கும் என்று சொல்ல முடியாது. போலீசில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். போலீசோ நீதிமன்றமோ கேட்டால் வங்கி அந்த ஆளின் விவரத்தைத் தரும்.

1930 என்ற எண்ணைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். அது மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு. கை தவறி அனுப்பியதை மோசடி என்று அங்கே சொல்லக் கூடாது.

நம் வங்கி விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு 30 நாள் பதில் சொல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை. cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கி தூது போகாமல் சும்மா இருந்ததா என்றுதான் அவர் விசாரிப்பார். எண்ணை நாமே மாற்றி எழுதியதற்கு வங்கியைப் பணம் கட்டச் சொல்ல மாட்டார்.

“அடுத்த தடவ நான் என்ன சார் செய்யணும்?” என்று தொழிலாளி கேட்டார்.

“எண்ணைக் கொடுத்ததும், ‘பெயரைப் பார்த்துச் சொல்லுங்க’ன்னு எங்ககிட்ட கேளுங்க” என்றார் மேனேஜர். அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பணம் போகும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் இது உண்டு. செல்போனில் அனுப்புகிறவருக்கும் கிளைக்கு நேரில் வருகிறவருக்கும் உண்டு. இதற்குக் காசு கிடையாது. 4779 என்று எழுதிய அன்றே கேட்டிருந்தால், மனைவியின் பெயருக்குப் பதில் வேறு ஒரு பெயர் வந்திருக்கும்.