சலூனுக்கு மேனேஜர்: சாவி கொடுக்குமுன் எழுத வேண்டியவை

சலூன் அல்லது அழகு நிலையம் நடத்தும் வணிகர் இரண்டாவது கடை திறக்கும்போது, முதல் கடைக்கு வெளியாள் ஒருவரை மேனேஜராக வைக்க நேர்கிறது. சம்பளம் பேசி, சாவியைக் கொடுத்து, "வியாபாரத்தை ஏற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து வரும் மனக்கசப்புக்கு வித்து அந்த ஒரு வார்த்தைதான். எவ்வளவு ஏற்ற வேண்டும், எதை வியாபாரம் என்று கணக்கிடுவது என்பதை யாரும் சொல்லவில்லை.

இலக்கு எவ்வளவு?

ஆறு நாற்காலி உள்ள ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக மாத வியாபாரம் 4,00,000 ரூபாய். வாடகை, கூலி, சாயம், கிரீம், மின்சாரம் எல்லாம் போக முதலாளிக்கு நிற்பது 1,00,000. மேனேஜர் சம்பளம் 30,000 என்றால் நிற்பது 70,000 ஆகிவிடும்.

இந்த 30,000 ரூபாயை மீட்க 30,000 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் போதாது. கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் பொருளுக்கு 12, வேலை செய்தவர் கமிஷன் 10 என்று போனால் கையில் நிற்பது 78தான். ஆகவே சுமார் 38,500 ரூபாய் கூட வேண்டும். அதாவது, மாத வியாபாரம் ஏறக்குறைய 4,40,000 ஆனால்தான் மேனேஜர் தம் சம்பளத்தைச் சம்பாதித்தவர் ஆவார். ஊக்கத்தொகை இந்தக் கோட்டுக்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

பேக்கேஜ் என்னும் பொறி

இரண்டாம் மாதமே மேனேஜர் 5,00,000 காட்டுகிறார். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் பில்களைப் பிரித்துப் பார்த்தால், அதில் 1,20,000 ரூபாய் முன்பணப் பேக்கேஜ். "10,000 கட்டுங்கள், 13,000 ரூபாய்க்குச் சேவை பெறுங்கள்" என்று பன்னிரண்டு பேரிடம் வாங்கியது. அந்த மாதம் உண்மையில் நடந்த வேலை 3,80,000தான், முன்பைவிடக் குறைவு.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வரும் மாதங்களில் 1,56,000 ரூபாய் வேலையைப் புதுப் பணம் வராமலே செய்து கொடுக்க வேண்டும். சாயமும் கூலியும் அப்போதுதான் செலவாகும். நாற்காலிகள் நிறைந்திருக்கும், கல்லா காலியாக இருக்கும். அதற்குள் மேனேஜர் ஊக்கத்தொகை வாங்கி, வேறு கடைக்கும் போயிருக்கலாம்.

இதைத் தடுக்க ஒரே வழி, பேக்கேஜ் பணத்தைத் தனிப் பேரேட்டில் பாக்கியாக வைப்பது. வாடிக்கையாளர் வந்து சேவை பெறும் நாளில்தான் அது வியாபாரம். அப்போதும் விலைப்பட்டியலில் 1,300 ரூபாய் உள்ள வேலையை 1,000 என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் நமக்கு வந்தது அவ்வளவுதான்.

அதிகாரத்தின் எல்லை

அதிகாரத்தை ரூபாயில் எழுதுங்கள். பில்லில் பத்து சதவீதம் வரை தள்ளுபடி, குறை சொன்னவருக்கு 1,500 ரூபாய் வரை இலவசமாக மறுவேலை, ஒப்புக்கொண்ட விநியோகஸ்தரிடம் வாரம் 8,000 ரூபாய் வரை சரக்கு: இவை மேனேஜர் கேட்காமலே செய்யலாம். விலையை மாற்றுவது, புதுப் பேக்கேஜ் அறிவிப்பது, ஊழியருக்கு முன்பணம் கொடுப்பது, ஆளை எடுப்பது, நீக்குவது ஆகியவற்றுக்கு முதலாளி கையெழுத்து வேண்டும். தொகைகளை அவரவர் கடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பதில் சொல்லும் முறை

தினமும் கடை மூடும்போது பில் தொகையும், ரொக்கம், கார்டு, க்யூஆர் வரவும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். க்யூஆர் அட்டை முதலாளி கணக்குக்கே செல்ல வேண்டும். ரத்தான பில்லுக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மாதம் ஒருமுறை சாய ட்யூப்களை எண்ணுங்கள். சாயப் பில் ஒன்றுக்குச் சராசரி ஒன்றரை ட்யூப் செலவான கடையில் திடீரென்று இரண்டுக்கு மேல் போனால், வீணாகிறது அல்லது பில் போடாமல் வேலை நடக்கிறது. நீண்ட கூந்தல்காரர்கள் அதிகம் வந்திருக்கவும் கூடும். எனவே குற்றம் சாட்டுமுன் பில்களோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

முதலாளிக்கும் கட்டுப்பாடு உண்டு

மூத்த கைவேலைக்காரர் நேராக முதலாளிக்குப் போன் செய்து விடுப்பு வாங்கிவிட்டால், அன்றோடு மேனேஜர் பேச்சு கடையில் எடுபடாது. "மேனேஜரிடம் கேளுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட வேண்டும். நம் வீட்டார் வந்து முடி வெட்டிக்கொண்டாலும் பில் போட்டு முதலாளி பற்றில் எழுதட்டும். பில் இல்லாத வேலைக்கு நாமே வழி திறந்துவிட்டு, ட்யூப் குறைந்தது ஏன் என்று அவரைக் கேட்பது நியாயமாகாது.

இவை எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே தாளை வைத்துப் பேசுங்கள். நீடிப்பதா, பிரிவதா என்பதைத் தாளே சொல்லிவிடும்.