மழை வந்தால் படுத்துவிடும் இன்டர்நெட்

குற்றவாளி மேகமல்ல, ஈரமான ஒரு ஜாயின்ட். ஆனால், வெயில் அடிக்கும்போது ஆய்வுக்கு வருபவர் கண்ணில் அது படுவதில்லை.

2016 ஜூலை. குடகு மலையில் மடிக்கேரிக்கு அருகே ஒரு வீடு. காபித் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதும் குடும்பத் தலைவருக்கு ஒரு சங்கதி பிடிபடவேயில்லை. காலையில் நன்றாக ஓடும் டிஎஸ்எல் இணைப்பு மழை தொடங்கிய அரை மணி நேரத்தில் தள்ளாடுகிறது. மழை விட்டு மறுநாள் வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. புகார் கொடுத்தார். ஊழியர் வந்தார், அதுவும் வெயில் நாளில். "லைன் நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று முறை இதே கதை.

டிஎஸ்எல், தொலைபேசிக்காகப் போட்ட அதே இரட்டைச் செம்புக் கம்பியில்தான் ஓடுகிறது. பேச்சுக்கு 4 கிலோ ஹெர்ட்ஸ் போதும். ஏடிஎஸ்எல்2+ வகை இணைப்போ 2,200 கிலோ ஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. அதனால் பேச்சில் காதுக்கே எட்டாத சிறு கோளாறுகூட இன்டர்நெட்டைப் படுத்திவிடும்.

நிலத்தடி கேபிளுக்குள் நீர் புகாமல் இருக்கப் பசை போன்ற ஜெல்லி நிரப்பப்பட்டிருக்கும். ஆனால் ஜாயின்ட் போடும் இடத்தில் ஜெல்லியைத் துடைத்துவிட்டுத்தான் கம்பிகளை இணைக்க வேண்டும். மேலே போடும் உறை சரியாக இறுகாவிட்டால் மழைநீர் அங்கே புகும். கம்பத்தில் இருக்கும் டிபி பெட்டியின் மூடி உடைந்திருந்தாலும் இதே கதிதான்.

உள்ளே போன நீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இரு கம்பிகளுக்கும் நடுவே மின்சாரம் கசிய வழிவிடுகிறது. அதில் சிக்னல் வலுவிழக்கிறது. மற்றொன்று, லைனில் எப்போதும் இருக்கும் சுமார் 48 வோல்ட் அழுத்தமும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. அரித்த கம்பியில் மின்தடை கூடுகிறது. இரு கம்பிகளும் சமமாக இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒரு கம்பி மட்டும் கெட்டால் அந்தச் சமநிலை குலைகிறது. மீடியம் வேவ் வானொலி அலைவரிசைகூட லைனுக்குள் இரைச்சலாக நுழைந்துவிடுகிறது.

இதற்குச் சாட்சி மோடத்திலேயே இருக்கிறது. பல மோடங்களில் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் லைனின் நிலையைக் காட்டும் பக்கம் வரும். அதில் SNR Margin என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே மிச்சமிருக்கும் இடைவெளி. மடிக்கேரிக்காரர் அதை எழுதிவைக்கத் தொடங்கினார். வெயிலில் இணைப்பு வேகம் 8 மெகாபிட், இடைவெளி 14 டெசிபெல். மழையில் இடைவெளி 4 டெசிபெல்லாகச் சரிந்தது. CRC Errors எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. கடைசியில் இணைப்பு அறுந்து, மோடம் மறுபடி பேரம் பேசி, 3 மெகாபிட்டில் நின்றது.

இப்படி மழையில் ஒப்புக்கொண்ட குறைந்த வேகத்தையே மழை விட்ட பிறகும் மோடம் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். காய்ந்த பிறகு ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய வேகம் திரும்பும். இணைப்பு வேகம் குறையாமல், மாலை வேளையில் மட்டும் பக்கங்கள் மெதுவாகத் திறந்தால், அது நெரிசல். மழையின் மேல் பழி போடக்கூடாது.

புகாருக்கு முன் வீட்டைச் சோதிப்பது நல்லது. மோடம், ஸ்ப்ளிட்டர், கிளை ஒயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் பெட்டியில் சாதாரண ஒயர் தொலைபேசியை மட்டும் மாட்ட வேண்டும். மழை பெய்யும்போதே ஓர் எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரப்போ படபடப்போ கேட்டால், கோளாறு பெரும்பாலும் வெளியே. எதுவும் கேட்காததால் மட்டும் லைன் நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

"நெட் ஸ்லோ" என்று சொன்னால் மோடத்தை ரீசெட் செய்யச் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும். சொல்ல வேண்டியது வேறு: "மழையில் லைனில் இரைச்சல். எஸ்என்ஆர் 14-லிருந்து 4-க்கு விழுகிறது. இன்ன தேதி, இன்ன நேரம். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் போடுங்கள். ஈரம் காயும் முன் ஆள் அனுப்புங்கள்." தரையோடும் கம்பிகளுக்கு இடையேயும் கசிவு எவ்வளவு என்பதை அந்தச் சோதனை காட்டும். நல்ல லைனில் மெகா ஓம் கணக்கில் வருவது ஈர லைனில் கிலோ ஓமுக்கு இறங்கிவிடும்.

வேகத்தைக் குறைத்து வைத்து லைனை 'நிலையாக்கி'த் தருவதாகச் சொன்னால், அது தற்காலிக ஒட்டு மட்டுமே. ஜாயின்ட்டைப் பிரித்து, அரித்த பகுதியை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்; இயலாவிட்டால் கேபிளிலேயே காலியாக உள்ள வேறு ஜோடிக்கு மாற்றச் சொல்லலாம்.

மடிக்கேரிக்காரர் நான்கு நாள் குறிப்போடு, தூறலின் நடுவே புகார் கொடுத்தார். இம்முறை வந்தவர் வீட்டுக்குள் நுழையவேயில்லை. நேராக டிபி பெட்டிக்குப் போய்த் திறந்தார். உள்ளே பச்சைக் களிம்பு பூத்த முனைகள். அரை மணி நேர வேலை. அன்றிரவு கொட்டிய மழையில் இடைவெளி 13 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கவில்லை.