ஒருமுறை பெயர்த்த வரி

மருத்துவக் காப்பீட்டு பாலிசிப் படிவங்களில் பெரும்பாலான வாக்கியங்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருள் மூல வாக்கியத்தையும் அதன் தமிழாக்கத்தையும் ஜோடியாகச் சேமித்து வைக்கிறது. அதே வாக்கியம் மறுபடி வந்தால் பழைய தமிழாக்கத்தை அப்படியே எடுத்துத் தருகிறது. வாக்கியம் சற்றே மாறியிருந்தால், ஒப்புமையைச் சதவீதத்தில் காட்டி, மாறிய சொற்களுக்கு வண்ணமிடுகிறது.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 ஆகக் குறைத்தது. புதிய படிவத்தில் அந்த வாக்கியத்தில் எண் மட்டுமே வேறு. ஒப்புமை மிக அதிகம் என்பதால், மொழிபெயர்ப்பாளர் பழைய வரியை ஏற்றுவிட்டு நகர்ந்துவிடக்கூடும். தமிழில் 48 என்றே நின்றுவிட்டால், பாலிசிதாரர் ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று நம்பிவிடுவார்.

இதைப் பிடிக்க, மூலத்தின் எண்களைத் தமிழாக்கத்தின் எண்களோடு ஒப்பிடும் தரச் சோதனை மென்பொருளிலேயே இருக்கிறது. ஆனால் ‘நாற்பத்தெட்டு’ என்று எழுத்தில் இருந்தால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. அங்கே மனிதக் கண்தான் வேண்டும். திருத்திய வரியை நினைவகத்திலும் சேமித்தால்தான் அடுத்த படிவத்தில் பிழை திரும்பாது.