இரண்டு ரூபாய் காசோலை சொல்லும் கணக்கு
போட்ட பணம் வேறு, கிடைத்தால் போதும் என்ற விலை வேறு. மகாராஷ்டிரத்தின் வெங்காயச் சந்தைகளில் விவசாயிக்கு மிஞ்சுவது எது, அது யார் கைக்குப் போகிறது?

2023 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்ட விவசாயி ஒருவர், 10 மூட்டை வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு சோலாப்பூர் சந்தைக்கு வந்தார். எடை 512 கிலோ. கிலோ ஒரு ரூபாய்க்கு விலை போனது. வண்டி வாடகை, சுமைக்கூலி, எடைக்கூலி எல்லாம் கழித்தபோது 2 ரூபாய் 49 காசு மிச்சம். சில்லறை போக 2 ரூபாய்க்கு ஒரு பின்தேதியிட்ட காசோலையை நீட்டினார் வியாபாரி. அந்தக் காசோலையின் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

எல்லோரும் கேட்ட கேள்வி: இவ்வளவு மலிவாக ஏன் விற்க வேண்டும்? பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கும் கேள்வி சற்று மாறுபட்டது: அந்த வெங்காயத்தை அவர் எந்த விலைக்குக் கீழே விற்றிருக்க மாட்டார்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால், முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். விற்பவர் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. அதற்குக் குறைந்தால் விற்க மாட்டார். சந்தை விலை அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அதுவே விற்பனையால் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம். இதற்கு உற்பத்தியாளர் உபரி என்று பெயர். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவலான கருத்து இது. கேட்க எளிமையாக இருந்தாலும், இதை லாபம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

நழுவும் எல்லை

விவசாயியின் கீழ் எல்லை, சாகுபடிச் செலவு அல்ல. விற்காமல் விட்டால் எந்தச் செலவு மிச்சமாகுமோ, அது மட்டும்தான். நாற்று விடுவதற்கு முன்பு விதை, உரம், ஆள்கூலி எல்லாமே தவிர்க்கக்கூடிய செலவுகள். அந்த நேரத்தில் அவர் எதிர்பார்க்கும் விலையில் இவை அனைத்தும் அடங்கியிருக்கும். நடவு முடிந்ததும் விதைக்கும் நடவுக்கும் போட்ட பணம் மண்ணுக்குள் போய்விட்டது. விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. அறுவடை முடிந்த பிறகு மிஞ்சியிருப்பது மூட்டை கட்டும் கூலியும் வண்டி வாடகையும்தான். சந்தையில் மூட்டையை இறக்கிய பின்போ வாடகையும் செலவாகிவிட்டது. விலை பிடிக்கவில்லை என்றால், திருப்பி ஏற்றிச்செல்ல இன்னொரு வாடகை கொடுக்க வேண்டும்.

நான்கு மாதங்களில் அவருடைய எல்லை படிப்படியாக இப்படித்தான் இறங்குகிறது. சோலாப்பூர் விவசாயிக்கு வயலில் இருந்தபோது அது கிலோவுக்கு ஒரு ரூபாயை ஒட்டி இருந்தது. சந்தைக்குள் வந்த பிறகு அதற்கும் கீழே போய்விட்டது. பாடநூல் கணக்கின்படி அவருக்கும் உபரி உண்டு. ஆனால் சாகுபடிக்குப் போட்ட பணம் முழுவதும் நஷ்டம். உபரியும் நஷ்டமும் ஒரே விற்பனையில் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

காத்திருந்து பின்னர் விற்றிருக்கலாமே என்றால், அந்த மாதத்து வெங்காயம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகும் பின்பருவ வெங்காயத்தில் ஈரம் அதிகம். சில வாரங்களில் முளைவிடும் அல்லது அழுகும். ஏப்ரல், மே மாதங்களில் வரும் ராபி வெங்காயம் அப்படியல்ல. நாசிக் வட்டாரத்தில் அதைக் காந்தா சாள் எனப்படும் காற்றோட்டமான கொட்டகைகளில் போட்டு, ஐந்தாறு மாதங்கள்கூட வைத்திருக்கிறார்கள்.

ஒரே விலை, மூன்று விவசாயிகள்

சேமிக்க முடிந்தால் கீழ் எல்லை உயர்கிறது. எப்படி என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாசிக் மாவட்டத்தில் லாசல்காவ் சந்தை, ஜூன் மாதத்தில் ஒரு நாள். மூன்று விவசாயிகள் ஆளுக்கு 20 குவிண்டாலை அங்கே கொண்டுவருவதா என்று வீட்டில் இருந்தபடி யோசிக்கிறார்கள். மூவருக்கும் சாகுபடிச் செலவு குவிண்டாலுக்கு 1,200 ரூபாய். சந்தைக்குக் கொண்டுவரும் செலவு 150 ரூபாய்.

முதலாமவரிடம் கொட்டகை இல்லை. கடன் தவணையும் நெருங்கிவிட்டது. வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்பதால் அவருடைய கீழ் எல்லை, கொண்டுவரும் செலவான 150 ரூபாய்தான்.

இரண்டாமவரிடம் கொட்டகை இருக்கிறது. செப்டம்பரில் வண்டி வாடகை போகக் குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் கைக்கு வரும் என்று நினைக்கிறார். ஆனால் அதற்குள் எடைக் குறைவும் அழுகலும் சேர்ந்து 100 கிலோ 70 கிலோவாகிவிடும். ஆக 1,400 ரூபாய். தரம் பிரிக்கும் கூலிக்கும் வட்டிக்கும் 150 ரூபாய் கழித்தால் 1,250. இன்று விற்பதானால் இந்த 1,250 ரூபாயோடு கொண்டுவரும் செலவும் கிடைத்தாக வேண்டும். அவருடைய எல்லை 1,400 ரூபாய்.

மூன்றாமவரும் கொட்டகைக்காரர். செப்டம்பரில் 2,400 ரூபாய் கிடைக்கும் என்று நம்புகிறார். இதே கணக்கில் அவருடைய எல்லை 1,680 ரூபாய்.

அன்றைய விலை 1,500 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் விற்க மாட்டார். வண்டியே கட்ட மாட்டார். இரண்டாமவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் உபரி. 20 குவிண்டாலுக்கு 2,000 ரூபாய். முதலாமவருக்கு 1,350 ரூபாய் வீதம் 27,000 ரூபாய் உபரி.

மூவரில் நெருக்கடி அதிகம் உள்ளவருக்கே உபரி அதிகம்! ஆனால் விற்ற இருவருக்கும் லாபம் குவிண்டாலுக்கு அதே 150 ரூபாய்தான். முதலாமவரின் உபரி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அவருடைய செழிப்பு அல்ல. அவருக்கு வேறு வழி இல்லாததால் அவருடைய எல்லை தாழ்ந்துகிடக்கிறது, அவ்வளவுதான். உபரி என்பது இந்த விற்பனை நடக்காமல் போனால் அவர் எவ்வளவு இழப்பார் என்பதன் அளவு. வாழ்க்கை வசதியின் அளவு அல்ல.

விலை 600 ஆகச் சரிந்தால் இரண்டாமவரும் விலகிக்கொள்வார். முதலாமவர் அப்போதும் விற்பார். உபரி 450 ரூபாய், நஷ்டம் 750 ரூபாய். விலை வீழ்ந்த பிறகும் சந்தைக்கு வண்டிகள் வருவதைப் பார்த்து, விவசாயிக்குக் கட்டுப்படியாகிறது என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழை என்பது இதில் தெரியும். கட்டுப்படியாகவில்லை என்பது அன்றைக்குத் தெரியாது. அடுத்த பருவத்தில் நடவுப் பரப்பு குறையும்போதுதான் தெரியும்.

உபரியைக் காப்பது எது?

முதலாமவர் 150 ரூபாய்க்கும் விற்கத் தயார் என்றால், வியாபாரி ஏன் 1,500 கொடுக்கிறார்? அவருடைய எல்லை வியாபாரிக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். பக்கத்தில் நிற்கும் இன்னொரு வியாபாரி 1,490 கேட்கிறார் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

லாசல்காவில் வரிசையாக நிற்கும் டிராக்டர் டிரெயிலர்களைச் சுற்றி வியாபாரிகள் கூட்டமாக நகர்கிறார்கள். வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் விலை கேட்கிறார்கள். போட்டி இருக்கும் வரை, ஒரே தரத்து வெங்காயத்துக்கு அவசரக்காரருக்கும் பொறுமைசாலிக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். அவசரக்காரரின் உபரியைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடு.

போட்டி குறைந்தால் உபரி கைமாறும். வியாபாரிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டாலும், வாங்க வருபவர் ஒருவரே ஆனாலும், விலை விவசாயியின் எல்லையை நோக்கி இறங்கும். கடன் கொடுத்தவரே வெங்காயத்தையும் வாங்குபவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். விவசாயிக்கு எப்போது, எவ்வளவு பணம் தேவை என்பது அவருக்கு அத்துப்படி. எல்லை தெரிந்தவரிடம் பேரம் பேசி உபரியைக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

உபரியைக் கைமாற்றும் இன்னொரு சக்தி அரசாங்கம். 2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வெளிநாட்டுக்குப் போயிருக்க வேண்டிய வெங்காயமும் உள்நாட்டுச் சந்தையில் வந்து விழ, நாசிக்கில் ஏல விலை சரிந்தது. விவசாயிகள் ஏலத்தை நிறுத்திப் போராடினார்கள். 2024 மே 4இல் தடை நீங்கினாலும் 40 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது. செப்டம்பரில் 20 சதவீதமாகக் குறைந்த அந்த வரி, 2025 ஏப்ரல் 1 முதல் அடியோடு நீக்கப்பட்டது.

இதில் விவசாயி இழந்ததெல்லாம் வீணாகப் போய்விடவில்லை. பெரும் பகுதி உள்ளூரில் வாங்குபவர்களுக்கு மலிவு விலையாகப் போய்ச் சேர்ந்தது. வரி இருந்த காலத்தில் ஒரு பகுதி கஜானாவுக்குப் போனது. ஆனால் இன்னொரு பகுதி எவருக்கும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும், அந்த விலைக்கு விற்கத் தயாராக இருந்தவருக்கும் இடையே நடக்காமல் போன வியாபாரம் அது. நகரத்து அடுப்படிக்கு மலிவாக வெங்காயம் வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே. அதற்கான செலவில் பெரும் பங்கு விவசாயியின் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் விஷயம்.

விவசாயியின் கையில் உள்ள ஆயுதம் ஒன்றுதான்: விற்காமல் இருக்கும் வசதி. கொட்டகையும், தவணைக்கு அவசரமில்லாத கடனும், விலை பிடிக்காவிட்டால் போக இன்னொரு சந்தையும் அவருடைய கீழ் எல்லையை உயர்த்துகின்றன. விந்தை என்னவென்றால், எல்லை உயர்ந்தால் ஏட்டுக் கணக்கில் அன்றைய உபரி குறையும். ஆனால் ஒரு ரூபாய் விலை கேட்கும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு போக அவரால் முடியும். சோலாப்பூருக்கு 10 மூட்டையோடு வந்தவரால் முடியாமல் போனது அதுதான்.