எடை குறையட்டும், தசை கரைய வேண்டாம்

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பசி சட்டென்று அடங்கிவிடுகிறது. முன்பு நான்கு இட்லி சாப்பிட்டவருக்கு ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். எடை மளமளவென்று இறங்கும். ஆனால் இறங்குவது கொழுப்பு மட்டும்தானா என்பதை எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாது.

செமாக்ளூடைட் ஊசி பற்றி 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில், ஒரு பகுதியினருக்கு உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போயிருந்தது. அதில் உடல் நீரும் சேர்த்தி; அத்தனையும் தசை அல்ல. ஆனாலும் தசைக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. வயது 50ஐத் தாண்டியவர்களுக்கு இந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதல்ல.

இங்கேதான் கிரியேட்டின் பேச்சுக்கு வருகிறது. ஜிம் பையன்கள் குடிக்கும் பவுடர் என்றுதான் பலரும் அதை அறிந்திருக்கிறார்கள். உண்மையில் அது நம் உடலே தயாரிக்கும் பொருள். சுமார் 95 சதவீதம் தசையில் இருக்கிறது. கனமான எதையாவது தூக்கும்போது முதல் சில வினாடிகளுக்கு வேண்டிய சக்தியை உடனே மீட்டுத் தருவது அதன் வேலை. உடல் தயாரிப்பது போக மீதி மீன், இறைச்சியிலிருந்து வருகிறது. ஒரு கிலோ இறைச்சியில் நான்கைந்து கிராம்தான் இருக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வரவும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறைச்சியே ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்களுக்கும் அதே நிலைதான்.

கிரியேட்டின் தானாகத் தசையைக் கட்டாது. எடை தூக்கிப் பயிற்சி செய்யும் முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளில், கிரியேட்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை சராசரியாக ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கூடியது. உணவு பாதியாகக் குறைந்த ஒருவருக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. புரதமும் பயிற்சியும் முதலில். கிரியேட்டின் அவற்றுக்குத் துணை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 55 வயதுப் பெண், எடை 90 கிலோ. ஊசி தொடங்கி ஓராண்டில் 76 கிலோவுக்கு வருகிறார். 14 கிலோவில் 40 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ கொழுப்பல்லாதது. அவர் செய்ய வேண்டியது என்ன? அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குச் சொல்லப்படும் அளவான தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் அவருக்கும் நல்ல இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம். ஓர் இட்லியில் 2 கிராம்தான். அதனால் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு மிச்ச இடத்துக்கு இட்லி, சோறு. வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பாரம் தரும் பயிற்சி. இதோடு தினமும் 3 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். தசையில் அது நிறைய மூன்று நான்கு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒரே நாளில் 20 கிராம் எடுக்கும் ஜிம் வழக்கம் இங்கே ஆகாது. சுருங்கிய வயிற்றுக்கு அது உப்புசத்தையும் வயிற்றுப்போக்கையும் தரும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருகலாம்.

இரண்டு இடங்களில் குழப்பம் வரும். முதல் வாரங்களில் எடை அரை கிலோவோ ஒரு கிலோவோ ஏறலாம். தசைக்குள் சேரும் தண்ணீர் அது. கொழுப்பும் அல்ல, புதுத் தசையும் அல்ல. ஊசி வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினினாக வெளியேறுவதால் அதன் அளவு சற்றுக் கூடும். நம் உதாரணப் பெண்ணுக்கு அது 0.8லிருந்து 0.95 ஆனால், சிறுநீரகத் திறனைக் காட்டும் எண் 87லிருந்து 71க்கு இறங்கியதாக அறிக்கை வரும். சிறுநீரகம் கெடாமலேயே இப்படி வரலாம். பவுடர் எடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் கிரியேட்டினால் பாதிக்கப்படாத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை உண்மையைச் சொல்லும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றித் தொடவே கூடாது. வாந்தி, பேதியால் உடல் வறண்ட நாட்களிலும் நிறுத்திவைக்க வேண்டும்.

தசை காப்பாற்றப்படுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசியர்களுக்கான அளவுகோலில் 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை. சிகிச்சை தொடங்கும்முன் ஒருமுறை நேரத்தைக் குறித்துவைத்து, மாதாமாதம் ஒப்பிடுங்கள். எடை இறங்க இறங்க அந்த நேரம் நீண்டுகொண்டே போனால், பவுடரைக் கூட்டாதீர்கள். சாப்பிடும் புரதத்தைக் கணக்குப் பாருங்கள். ஊசியின் அளவைக் கூட்டுவதைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.