99.2 சதவீதம், எந்த இலையில்?

மாநாட்டுக்கு அனுப்பத் தயாராக இருக்கும் ஒரு கட்டுரையின் முடிவுரை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தக்காளி இலை நோய்களைக் கண்டறியப் புதுமையான, திறன்மிக்க அமைப்பொன்றை இக்கட்டுரையில் உருவாக்கியுள்ளோம். அது 99.2 சதவீதத் துல்லியத்துடன் இதுவரை வந்த முறைகளை விஞ்சுகிறது. இதன் மூலம் விவசாயிகள் வயலிலேயே நோயைக் கண்டறிந்து மகசூல் இழப்பைத் தவிர்க்கலாம். வருங்காலத்தில் பிற பயிர்களுக்கும் இது விரிவாக்கப்படும்."

இது எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்ததல்ல, நானே இட்டுக்கட்டியது. ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை மாநாட்டுக் கட்டுரையாக மாற்றும் எந்தக் கல்லூரியிலும் இதற்குச் சொந்தபந்தங்கள் உண்டு. நான்கு வாக்கியங்களில் அப்பட்டமான பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கட்டுரையின் உள்ளே இருக்கும் அட்டவணைகள் தாங்காத சுமையை இவை தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ரிவியூவர்களில் பலர் சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவி, அதன்பிறகுதான் நடுவில் இருப்பதைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது முடிவுரை சொன்னது உள்ளே இல்லையென்றால், இருக்கிற நல்ல வேலையின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

தக்காளி இலையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் பிளான்ட்வில்லேஜ் என்ற படத்தொகுப்பை நம்பியவை. 14 பயிர்கள், 26 நோய்கள், மொத்தம் 54,306 படங்கள். இலையைச் செடியிலிருந்து பறித்து, சாம்பல் அல்லது கறுப்புத் தாள்மேல் வைத்து எடுத்த படங்கள் அவை. 2016-ல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் இந்தப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி 99.35 சதவீதத் துல்லியம் காட்டினார்கள். அந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது துல்லியம் 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதை அவர்கள் மறைக்கவில்லை, எழுதி வைத்தார்கள். பின்னால் வந்த பலர் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. படத்தில் இலையையே பார்க்காமல், பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை மட்டும் கணினிக்குக் காட்டினார்கள். அப்போதும் 49 சதவீதம் சரியாகச் சொன்னது. மொத்தம் 38 வகைகள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் கிடைக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு நோயின் படங்களும் எடுக்கப்பட்ட வெளிச்சமும் தாளும் கணினிக்கு விடையை ஓரளவு காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

இதைத் தெரிந்துகொண்டு நம் முடிவுரைக்கு வருவோம். திருத்தும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அதற்கு ஆதாரமான அட்டவணை அல்லது படத்தின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். எழுத முடியாத வாக்கியம் போக வேண்டும், அல்லது எழுத முடிகிற அளவுக்குச் சுருங்க வேண்டும்.

முதல் வாக்கியத்தில் 'புதுமையான', 'திறன்மிக்க' என்ற இரண்டுக்கும் அட்டவணை எண் கிடையாது. அப்படியானால் இந்தக் கட்டுரையின் பங்களிப்புதான் என்ன? உள்ளே தேடினால் கிடைக்கிறது: ஆய்வாளர்கள் மாதிரியின் அளவை 16 எம்.பி.யிலிருந்து 4 எம்.பி.யாகக் குறைத்திருக்கிறார்கள், இணைய இணைப்பு இல்லாமல் செல்போனிலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். உண்மையான சரக்கு இதுதான். பெயரடைகள் வந்து உட்கார்ந்ததில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. மிகைப்படுத்தும் முடிவுரைகள் பலவற்றில் செய்த வேலை இப்படித்தான் விடுபட்டுப்போகிறது.

அடுத்தது 'விஞ்சுகிறது'. ஒப்பிட்ட பெரிய மாதிரி 98.9, இவர்களுடையது 99.2. சோதனைப் படங்கள் 3,632. 0.3 சதவீதம் என்றால் 11 படங்கள். பயிற்சியை வேறொரு தற்செயல் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டினாலே இந்த 11 இடம் மாறக்கூடும். ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு 'விஞ்சுகிறது' என்று எழுத வழியில்லை. 'கால்வாசி அளவில் ஏறக்குறைய அதே துல்லியம்' என்று எழுதலாம். என்னைக் கேட்டால், இது மூல வாக்கியத்தைவிடப் பெரிய சாதனை.

99.2-க்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. தவறிய படங்கள் மொத்தம் 29. அவற்றில் 9 தேமல் நோயைச் சேர்ந்தவை. பிளான்ட்வில்லேஜின் தக்காளிப் படங்களில் மஞ்சள் இலைச்சுருள் நோய்க்கு ஐயாயிரத்துக்கு மேல் படங்கள் உண்டு, தேமலுக்கு 373 மட்டுமே. சோதனைக்கு வந்தவை 75. 75-ல் 9 தவறு என்றால் அந்த நோயைப் பொறுத்தவரை துல்லியம் 88 சதவீதம். ஒட்டுமொத்தச் சராசரியைப் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பிரித்த விதத்திலும் ஒரு கோளாறு. தொகுப்பில் ஒரே இலைக்குப் பல கோணங்களில் படங்கள் உண்டு. 2016 கட்டுரைக்காரர்கள், ஒரு இலையின் படங்கள் எல்லாம் பயிற்சிப் பக்கமோ சோதனைப் பக்கமோ ஒன்றில் மட்டும் வருமாறு பார்த்துக்கொண்டார்கள். நம் ஆய்வாளர்கள் குலுக்கிப் பிரித்துவிட்டார்கள். பயிற்சியில் பார்த்த இலையே தேர்விலும் வந்திருக்கலாம். இதை வார்த்தையால் சரிசெய்ய முடியாது. நேரம் இருந்தால் மறுபடி பிரித்து ஓட்ட வேண்டும். கேமரா-ரெடி பிரதிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், நடந்ததைச் சொல்லி, அதனால் எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே அது மேல்பக்கம்தான் சாயும்.

மூன்றாவது வாக்கியம்தான் ஆபத்தானது. 'விவசாயிகள் வயலிலேயே' என்கிறது. கட்டுரையின் ஐந்தாம் பகுதியில், யாரும் கவனிக்காத ஒரு மூலையில், ஆய்வாளர்கள் ஒரே வட்டாரத்தில் ஒரே பருவத்தில் செல்போனால் எடுத்த 120 வயல் படங்களின் முடிவு இருக்கிறது. 71 சரி. 59 சதவீதம். 120 படங்கள் சிறிய எண்ணிக்கை என்பதால், உண்மை அளவு ஏறத்தாழ 50-க்கும் 68-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். ஜவுளிக்கடை விளக்கில் பார்த்த சேலையின் நிறம் வாசலுக்கு வந்ததும் மாறுவதுபோல, தாள்மேல் வைத்த இலையும் செடியில் தொங்கும் இலையும் கணினிக்கு வேறு வேறு. முடிவுரையில் கட்டாயம் இருக்க வேண்டிய எண் இதுதான், அதுவே விடுபட்டிருக்கிறது. மகசூல் இழப்பைப் பற்றியோ இவர்கள் எதையுமே அளக்கவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டியதுதான்.

பலரும் இங்கே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். 'இந்த மாதிரி ஓரளவுக்குப் பயனளிக்கக்கூடும் என்று கருத வாய்ப்பிருக்கலாம்' என்று எழுதுவார்கள். அளந்து பார்த்ததை அளந்தோம் என்று உறுதியாகச் சொல்லலாம், அதில் தயக்கம் தேவையில்லை. தயக்கம் எல்லை தாண்டும் இடத்துக்கு மட்டும் உரியது. 'தரவு போதாது, மேலும் ஆய்வு தேவை' என்று எழுதுவதும் குறையைச் சொன்னதாகாது. எந்தத் தரவு, அது இல்லாததால் நம் எந்தக் கூற்று பலவீனமாகிறது என்று சொன்னால்தான் அது குறை.

'வருங்காலத்தில் பிற பயிர்களுக்கும்' என்ற கடைசி வாக்கியம் வெறும் சம்பிரதாயம். கண்ட தோல்வியிலிருந்து புறப்பட்டால் அடுத்த வேலைக்குப் பொருள் வரும். தவறிய 49 வயல் படங்களில் 31-ல் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. உடனே 'இதுவே காரணம்' என்று தாவக்கூடாது. சரியாகச் சொன்ன 71-லும் பாதிக்குமேல் அப்படியே இருந்தால் அந்த 31-க்குப் பெரிய பொருள் இல்லை. எண்ணிப் பார்த்தால், 71-ல் 15 மட்டும். இது காரணத்தை நிரூபிக்காது, சோதித்துப் பார்க்கத் தகுந்த சந்தேகத்தைத் தரும்.

இத்தனைக்கும் பிறகு முடிவுரை இப்படி ஆகிறது:

"தக்காளியின் ஒன்பது நோய்களையும் நலமான இலையையும் பிரித்தறியும், 4 எம்.பி. அளவில் இணைய இணைப்பின்றிச் செல்போனில் இயங்கும் மாதிரியை உருவாக்கினோம். பிளான்ட்வில்லேஜின் 3,632 சோதனைப் படங்களில் அதன் துல்லியம் 99.2 சதவீதம். நான்கு மடங்கு பெரிய ஒப்பீட்டு மாதிரியின் துல்லியம் 98.9. ஒரே ஓட்டத்தில் கிடைத்த இந்தச் சிறு வேறுபாட்டை முன்னேற்றமாக நாங்கள் கொள்ளவில்லை. தேமல் நோயில் துல்லியம் 88 சதவீதம். ஒரே இலையின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் வந்திருக்கக்கூடும் என்பதால் இந்த எண்கள் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஒரு வட்டாரத்தில் ஒரு பருவத்தில் எடுத்த 120 வயல் படங்களில் 71 மட்டுமே சரியாக அமைந்தன. வயலில் நோயை உறுதிசெய்ய இந்த மாதிரி இப்போதைய நிலையில் போதாது. தவறிய படங்களில் இலைகள் படிந்திருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. இலையை முதலில் தனியே பிரித்தெடுத்தால் தவறு குறையுமா என்பதை அடுத்துச் சோதிப்போம்."

கொஞ்சம் நீளம்தான். ஆறு பக்கத்துக்குள் அடக்க வேண்டிய மாநாடுகளில் இந்த நாலைந்து வரிகளுக்காக வேறெங்காவது வெட்ட வேண்டியிருக்கும். அறிமுகத்தில் உலக உணவுப் பாதுகாப்பைப் பற்றி வரும் பத்தியை நான் வெட்டுவேன். சில மாநாடுகள் இதற்கு வழிசெய்துவிட்டன. கணினி மொழியியலுக்கான ஏ.சி.எல். மாநாடுகளில் குறைகளுக்கென்றே ஒரு கட்டாயப் பகுதி உண்டு. அது முடிவுரைக்குப் பின்னால் வரும், பக்கக் கணக்கில் சேராது. நியூரிப்ஸ் மாநாடு 2021 முதல் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து, சுருக்கத்திலும் அறிமுகத்திலும் உள்ள கூற்றுகள் ஆய்வின் உண்மையான எல்லைக்குள் நிற்கின்றனவா என்று ஆசிரியர்களையே கேட்கிறது.

"இவ்வளவு குறையைச் சொன்னால் கட்டுரையை எடுப்பார்களா?" என்று கைடு கேட்பார். நியாயமான பயம்தான். ஆனால் அந்த 59 சதவீதம் ஐந்தாம் பகுதியில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. ரிவியூவர் தானாக அதைக் கண்டுபிடித்தால், மறைத்ததாக எழுதுவார். ஆசிரியரே சொல்லியிருந்தால், அதை ஒரு கண்டுபிடிப்பாகப் படிக்கவும் இடமுண்டு: தொகுப்புப் படங்களில் 99 வாங்கிய மாதிரி வயலில் 59-க்கு இறங்கியது, அடுத்து இதே வேலையைச் செய்யப்போகிறவருக்குத் தேவையான தகவல்.

முடிவுரையைத் திருத்தியபின் சுருக்கத்தையும் தலைப்பையும் மறுபடி படிக்க வேண்டும். அடித்த சொற்கள் பெரும்பாலும் அங்கே உயிரோடு இருக்கும். இந்தக் கட்டுரையின் தலைப்பில் 'விவசாயிகளுக்கான நிகழ்நேர நோய் கண்டறிதல்' என்று இருக்கிறது. 'நிகழ்நேர' இருக்கலாம், செல்போனில் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். 'விவசாயிகளுக்கான' என்பதற்கு எந்த அட்டவணையும் இல்லை.