எஞ்சினுக்குள்ளே – 9: குளிர்ந்த இரும்பு திருடும் சூடு

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை என்றதும், அந்த வேலையை ஹீட்டர் பிளக் எனப்படும் குளோ பிளக் பார்க்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியல்ல என்பதற்கு எஞ்சினே சாட்சி. ஓடும் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் கணமே எஞ்சின் அணையும். டீசலில் குளோ பிளக்கின் வேலை முடிந்து மின்சாரம் நின்ற பிறகும் எஞ்சின் நாள் முழுக்க ஓடும். காரணம், அங்கே தீ மூட்டுவது அழுத்தம். சிலிண்டருக்குள் முதலில் போவது வெறும் காற்று. பிஸ்டன் அதை இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது காற்று கொதிக்கிறது. அந்த நேரத்தில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக எரிபொருளும் காற்றும் முன்பே கலந்துவிடுவதால் அந்த அளவுக்கு நசுக்க முடியாது; நேரம் தவறி வெடிக்கும். அதனால் அழுத்தத்தைக் குறைத்து, தீப்பொறிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் குளோ பிளக் எதற்கு? காலைக் காற்று குளிர்ந்திருப்பதால் என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டால் அது பாதி உண்மைதான். வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால், சென்னையின் 30 டிகிரிக் காற்று இருபதில் ஒரு பங்காக நசுங்கும்போது 730 டிகிரியைத் தொடும். ஊட்டியின் பனிக்கால விடியலில் 0 டிகிரிக் காற்றும் 630 டிகிரிக்கு ஏறும். டீசல் பற்ற அதுவே தாராளம். உண்மையான குற்றவாளி குளிர்ந்த இரும்பு. ஆயில் கெட்டிப்பட்டுவிடும், பேட்டரி தளர்ந்திருக்கும், ஸ்டார்ட்டர் எஞ்சினை மெதுவாகத்தான் சுற்றும். அந்த நிதானத்தில் நசுங்கும் காற்றின் சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சுகிறது. காற்றில் கொஞ்சம் ரிங் இடுக்கு வழியே நழுவுகிறது. இழப்பு கடுமையாக இருந்தால் அதே கணக்கு 250 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். கண் இமைப்பதற்குள் பற்றியாக வேண்டிய டீசலுக்கு அது போதாது. முன்னறை வைத்த பழைய எஞ்சின்களில் சூட்டை உறிஞ்சும் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால், அவை ஹீட்டர் பிளக்கை அதிகம் நம்பியிருந்தன.

பிளக்கின் நுனிக்குள் கம்பிச்சுருள் ஒன்று மின்சாரத்தால் சூடாகி, நுனியை 850 டிகிரிக்கும் மேலே கொண்டுபோகிறது. டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்கச் சொல்வது இதற்காகத்தான். பீய்ச்சும் டீசலின் ஓரம் அந்த நுனியருகே பற்றுகிறதே, அதுவும் பற்றவைப்பதுதானே என்று கேட்கலாம். முதல் சில சுற்றுகளுக்கு அது உண்மை. ஆனால் நுனி தொடர்ந்து தகதகத்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் கணத்தில் எரிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் பீய்ச்சும் நேரம்.

நான்கில் ஒரு பிளக் பழுதானால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் உதறும், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். ஓரிரு நிமிடத்தில் அந்தச் சிலிண்டரும் சூடேறியதும் இரண்டும் அடங்கிவிடும். ஒயரைக் கழற்றி, பிளக் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால், நல்ல பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓமுக்குள் காட்டும். சுருள் அறுந்த பிளக்கில் மீட்டர் அசையாது.